ரிசப்ஷன் மேடையில லைன் தேங்காம போக எங்க கை வைக்கணும்

கேள்வி: அண்ணா, அடுத்த மாசம் தங்கச்சிக்கு கல்யாணம், திருச்சில மண்டபம். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடிகாலை 4.30–6 முகூர்த்தம். 900 பேர் வருவாங்க. அக்கா ரிசப்ஷன்ல ராத்திரி பதினொன்னு வரைக்கும் நிக்க வச்சே ஃபோட்டோ எடுத்தாங்க, கால் வீங்கிருச்சு. கிஃப்ட் குடுக்குற லைன் வேகமா நகரணும், பொண்ணு மாப்ள நடுவுல கொஞ்சம் உக்காரணும். என்ன பண்ணலாம்?

பதில்:

தம்பி, நான் கல்யாண ஃபோட்டோகிராஃபர், மேடைக்கு எதிர்ல நின்னே பாதி வாழ்க்கை போகுது, அதனால அங்கேர்ந்து தெரியுறத சொல்றேன். முதல்ல ஒரு சின்ன கணக்கு போட்டுக்கோங்க. 900 பேர்ல எல்லாரும் மேடை ஏற மாட்டாங்க, ஒரு 800 பேர் ஏறுவாங்கன்னு வச்சுக்கலாம், குடும்பம் குடும்பமா வர்றதால ஒரு ஃபோட்டோவுக்கு சராசரியா நாலு பேர், ஆக 200 குரூப். ஒரு குரூப்புக்கு 50 செகண்ட் ஆச்சுன்னா ரெண்டே முக்கால் மணி நேரம், 30 செகண்ட் ஆச்சுன்னா ஒரு மணி நாப்பது நிமிஷம். உங்க தங்கச்சி எப்ப தூங்கப் போகும்ங்கறத அந்த 20 செகண்டுதான் முடிவு பண்ணுது. அதுவும் முகூர்த்தம் 4.30ன்னா பொண்ணு ரெண்டரை மூணுக்கே எந்திரிச்சு மேக்கப்புக்கு உக்காரணும், அதனால மேடைய ஒன்பதேகாலுக்குள்ள முடிக்கறதுன்னு இப்பவே வச்சுக்கோங்க.

இன்னொன்னு, கூட்டம் ஒரே சீரா வராது. கார்டுல 6.30ன்னு போட்டாலும் ஆஃபீஸ் முடிச்சு, குளிச்சு, பஸ் புடிச்சு வர்றவங்க எல்லாம் ஏழேகால்லேர்ந்து எட்டேகாலுக்குள்ளதான் மொத்தமா இறங்குவாங்க. அந்த ஒரு மணி நேரத்துல 130 குரூப் வருதுன்னு வைங்க, 50 செகண்ட் கணக்குல மேடை 72 குரூப்பதான் அனுப்பும், மிச்சம் 58 குரூப் தேங்கி நிக்கும், கடைசில நிக்கிறவர் முக்கா மணி நேரத்துக்கு மேல காத்திருக்கணும். 30 செகண்டுல போனா மணிக்கு 120 குரூப் போயிரும், தேக்கமே பத்து குரூப்தான், அஞ்சு நிமிஷத்துல கரைஞ்சிரும்.

சரி, அந்த 50 செகண்ட் எங்க போகுதுன்னு பாத்தா, எல்லாரும் ஃபோட்டோகிராஃபர்தான் லேட் பண்றாருன்னு நினைப்பாங்க, ஆனா கிளிக் பண்றது நாலஞ்சு செகண்டுதான். படி ஏறி பொண்ணு மாப்ள கிட்ட வர்றதுக்கு பத்து பன்னெண்டு செகண்ட், கிஃப்ட் குடுத்து கை குடுத்து "இவரு எங்க பெரியப்பா பையன், தஞ்சாவூர்ல இருக்காரு"ன்னு அறிமுகம் பண்றதுக்கு ஒரு பதினஞ்சு, யாரு எந்தப் பக்கம் நிக்கறதுன்னு தடுமாற்றம் ஒரு பத்து பன்னெண்டு, இறங்கிப் போறதுக்கு எட்டு. இதுல கொடுமை என்னன்னா முன்னாடி இருக்கிற குரூப் இறங்கி முடிச்சாதான் அடுத்த குரூப் ஏறவே ஆரம்பிக்குது, ஏன்னா நிறைய மண்டபத்துல ஒரே படியிலதான் ஏறுறதும் இறங்குறதும். இறங்குற அத்தை ஏறுற பெரியம்மாவ படியிலயே பாத்துருவாங்க, எவ்ளோ நாளாச்சுன்னு அங்கயே நின்னு பேச ஆரம்பிச்சா மேல மேடை காலியா கெடக்கும், பொண்ணு மாப்ள சும்மா சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க, கீழ லைன் அப்டியே நிக்கும்.

அதனால முதல் வேலை படி. மண்டபத்துக்கு இந்த வாரமே போயி மேடைக்கு ரெண்டு பக்கமும் படி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா டெக்கரேஷன் ஆளுகிட்ட கைப்பிடியோட ஒரு மரப்படி கேளுங்க, முன்கூட்டியே சொன்னாதான் கிடைக்கும், அன்னைக்கு சாயங்காலம் கேட்டா பூ வைக்கிற ஸ்டூல தூக்கிட்டு வந்து போடுவாங்க, பட்டுப்புடவை கட்டின வயசானவங்க அதுல இறங்க முடியாது. எந்தப் பக்கம் இறக்குறதுன்னா, டைனிங் ஹாலுக்கு போற வாசல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். இறங்குனவங்க நேரா சாப்பிடப் போயிருவாங்க, மேடை அடியில கும்பல் நிக்காது. சில பழைய மண்டபத்துல மேடைக்கு பின்னாடி மணமகள் ரூமுக்கு ஒரு கதவு இருக்கும், அது வழியா இறக்கிரலாமேன்னு யாராச்சும் ஐடியா குடுப்பாங்க, வேணாம், நகையும் பணமும் இருக்கிற ரூம் பக்கம் 800 பேர நடக்க விடக்கூடாது.

ரெண்டாவது, அடுத்த குரூப் எப்பவுமே மேடை மேலயே ரெடியா நிக்கணும். படி ஏறுன உடனே ஓரத்துல ஆறடி இடம் விட்டு வைக்கச் சொல்லுங்க, பூச்சாடி, வெல்கம் போர்டு எதுவும் அங்க வரக்கூடாது. முன்னாடி குரூப்புக்கு நான் கிளிக் பண்ணிட்டிருக்கும்போதே அடுத்த குரூப் அங்க வந்து நின்னு புடவை சரி பண்ணி, குழந்தைய தூக்கிக்கிட்டு, கைப்பைய கீழ விட்டுட்டு வந்திருக்கணும். இது ஒன்னு சரியா நடந்தாலே ஏறுற நேரமும் இறங்குற நேரமும் கணக்குலேர்ந்து கழண்டுரும், உங்களுக்கு தேவையான 20 செகண்ட்ல பெரும்பகுதி இங்கயே கிடைச்சிரும்.

இதுக்கு ஆள் வேணும், ஆள் யாருங்கறதுதான் இதுல முக்கியம். ஈவென்ட் கம்பெனி பசங்கள நிறுத்தாதீங்க. யூனிஃபார்ம் போட்ட பையன் "சார் சீக்கிரம் சார்"னு சொன்னா அது திருப்பதி ஜருகண்டி மாதிரி ஆயிரும், அடுத்த வருஷம் வரைக்கும் அதையே சொல்லிக் காட்டுவாங்க. சொந்தக்காரங்களா இருக்கணும், அதுவும் பொண்ணு வீட்டுல ஒருத்தர், மாப்ள வீட்டுல ஒருத்தர். மாப்ள வீட்டு ஆளுங்கள உங்க சித்தப்பா "நகருங்க"ன்னா அது மரியாதை பிரச்சனை, அதையே மாப்ளையோட தாய்மாமா வந்து "வாங்க மச்சான், சாப்பிட்டீங்களா, இந்தப் பக்கமா இறங்கினா நேரா பந்திதான்"னு தோள்ல கை போட்டுக் கூட்டிட்டுப் போனா அது உபசாரம். காலேஜ் படிக்கிற கசின் பசங்களும் வேணாம், அவங்க சொன்னா பெரியவங்க கேக்க மாட்டாங்க, அரை மணி நேரத்துல அவங்களே ஃப்ரெண்ட்ஸோட டான்ஸ் ஆடப் போயிருவாங்க. நாப்பது அம்பது வயசுல, ரெண்டு பக்கத்து சொந்தத்தையும் பேர் சொல்லி கூப்பிடத் தெரிஞ்ச, கொஞ்சம் வாய் உள்ள ஆளா பாருங்க. ஒருத்தர் ஏறுற படிகிட்ட, ஒருத்தர் இறங்குற பக்கம், நடுவுல மாத்திக்க இன்னொரு ஜோடி. அவங்க சாப்பாட்ட முதல் பந்தியிலயே முடிச்சிரணும், இல்லன்னா எட்டு மணிக்கு ஆள் காணாம போயிருவாங்க.

ஏறுற படிகிட்ட நிக்கிறவர் இன்னொரு வேலையும் செய்யணும், குரூப் சேக்கறது. ஆஃபீஸ்லேர்ந்து இருபது பேர் வந்திருப்பாங்க, ஆளாளுக்கு தனித்தனியா ஏறினா பத்து நிமிஷம், "நீங்கள்லாம் ஒரே ஆஃபீஸ்தானே, சேந்தே போயிருங்க, ஃப்ரேம் நல்லா வரும்"னு சொன்னா ஒரே நிமிஷம். குடும்பத்துக்கும் அப்டித்தான், மாமா லைன்ல நிப்பாரு, அத்தை பூ வாங்கப் போயிருப்பாங்க, பசங்க ஐஸ்கிரீம் கவுண்டர்ல இருப்பாங்க, மேடை ஏறுனப்புறம் "இரு இரு அத்தை வரட்டும்"னு எல்லாரும் காத்திருப்பாங்க. படிகிட்டயே "எல்லாரும் வந்தாச்சா"ன்னு கேட்டு, வரலன்னா பின்னாடி குரூப்ப முதல்ல அனுப்பிரணும்.

கிஃப்ட் விஷயத்துக்கு வர்றேன். உங்க பக்கம் மொய் எழுதுற டேபிள் போடுவீங்கன்னா அத ஹால் வாசல்லயே போட்டு, எழுதினவங்க மேடையில கவர் குடுக்க வேண்டியதில்லன்னு இயல்பா புரியுற மாதிரி ஒரு தாம்பூலப் பையோ பன்னீரோ குடுத்து அனுப்புங்க. ஆனா என்னதான் இருந்தாலும் கவர பொண்ணு மாப்ள கையிலயே குடுக்கணும்னு நினைக்கிறவங்கதான் அதிகம், அது அவங்க ஆசை, அத தடுக்காதீங்க. பிரச்சனை குடுக்கறதுல இல்ல, குடுத்ததுக்கு அப்புறம். கைல வாங்குன கவர என்ன பண்றதுன்னு தெரியாம பொண்ணு வளையலுக்கு இடையில சொருகிக்கும், மாப்ள கோட் பாக்கெட்ல திணிப்பாரு, பெரிய சுவர்க் கடிகாரம் பாக்ஸ வாங்கி திரும்பிப் பாத்தா பின்னாடி யாரும் இருக்க மாட்டாங்க, சோஃபா மேல வைப்பாங்க, அது சரிஞ்சு கீழ விழும். உக்கார வேண்டிய சோஃபா பூரா கிஃப்ட் பாக்ஸ் ஏறி உக்காந்திருக்கும், அப்புறம் எங்க ரெஸ்ட் எடுக்கறது.

அதனால பொண்ணுக்கு பின்னாடி ஒருத்தர், மாப்ளைக்கு பின்னாடி ஒருத்தர், கொஞ்சம் தள்ளி, ஃப்ரேம்ல வராத மாதிரி நிக்கணும். கவர் கைக்கு வந்த உடனே பின்னாடி கை நீட்டணும், அது அவங்க கைக்குப் போயிரணும், பொண்ணு திரும்பியே பாக்கக்கூடாது. கவருக்கு ஜிப் வச்ச துணிப்பை ஒன்னு, பாக்ஸுக்கு மேடை பின்னாடி ஒரு டேபிள். பேரு எழுதாத கவர் வந்தா பின்னாடி நிக்கிறவர் அப்பவே பேனாவால "தஞ்சாவூர் பெரியப்பா பையன்"னு ஏதாவது ஒரு அடையாளம் எழுதிரணும், மறுநாள் உக்காந்து மூளைய கசக்குனாலும் வராது. அரை மணிக்கு ஒருதரம் பைய ரெண்டு பேரா சேந்து ரூமுக்கு கொண்டு போயி பீரோல பூட்டிட்டு புதுப் பையோட வரணும், ஒருத்தரே தனியா தூக்கிட்டு போக வேண்டாம், சந்தேகம்னு இல்ல, கூட்டத்துல பை மேலயே கண்ணு வச்சிருக்க ஆள் வருவான்.

பொன்னாடை போத்துறவங்க, மோதிரம் போட்டு விடுறவங்க கொஞ்சம் பேர் இருப்பாங்க, அதுக்கு நேரம் ஆகத்தான் செய்யும், ஆகட்டும், அத கணக்குல விட்டுக் குடுத்துருங்க.

இப்ப எங்க ஆளுங்க பக்கம். ஃபோட்டோகிராஃபர்கிட்டயும் வீடியோ ஆளுகிட்டயும் ரெண்டு மூணு விஷயம் முன்னாடியே பேசிருங்க. பொண்ணு மாப்ள நின்ன இடத்துலேர்ந்து நகரக்கூடாது, அவங்க கால் கிட்ட கார்ப்பெட்ல ஒரு டேப் ஒட்டிருங்க, வர்றவங்க ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நிக்கட்டும், குழந்தைங்க முன்னாடி. வர்றவங்கள பிரிச்சு நிக்க வைக்கிறத ஃபோட்டோகிராஃபர் கீழேர்ந்து கத்திச் சொல்றதுக்கு பதிலா, மேடை மேல அவரோட அசிஸ்டன்ட் ஒருத்தன் கையால காட்டினா பாதி நேரம். ரெண்டு கிளிக் போதும், ரெண்டாவது யாராவது கண்ண மூடியிருந்தா காப்பாத்தறதுக்கு. ஃப்ளாஷ ஃபுல் பவர்ல வச்சு அடிச்சா மறுபடி சார்ஜ் ஏற ரெண்டு மூணு செகண்ட் காத்திருக்கணும், பாதி பவருக்கு இறக்கி லைட்ட கொஞ்சம் கிட்ட வச்சா உடனே ரெடியாயிரும், இது தெரிஞ்ச ஆள்தான் உங்களுக்கு வேணும். வீடியோ ஆள் "கிஃப்ட இன்னொருதரம் குடுக்குற மாதிரி குடுங்க சார்"னு கேப்பாரு பாருங்க, அது கண்டிப்பா கூடாதுன்னு சொல்லிருங்க, அந்த ஒரு வார்த்தைக்கு ஏழெட்டு செகண்ட் போகும். வீடியோ லைட்டும் அப்டித்தான், பகல் மாதிரி கண்ணுக்கு நேரா ரெண்டு லைட் எரிஞ்சா ஒன்னரை மணி நேரத்துல பொண்ணுக்கு தலைவலி வந்துரும், பக்கவாட்டுல உயரமா வைக்கச் சொல்லுங்க.

செல்ஃபி இன்னொரு தலைவலி. "என் ஃபோன்லயும் ஒன்னு எடுத்துருங்க"ன்னு கேக்காத குரூப்பே கிடையாது இப்பல்லாம். வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க. அதுக்கு என் பக்கத்துலயே ஒரு பையன நிறுத்துங்க, இந்த வேலைக்கு காலேஜ் பையன் ஓகே. மேடை ஏறுறதுக்கு முன்னாடியே ஃபோன அவன்கிட்ட குடுத்துரணும், நான் கிளிக் பண்ற அதே நேரத்துல அவனும் எடுப்பான், இறங்குற பக்கம் போயி குடுப்பான், தனியா ஒரு செகண்ட் கூட ஆகாது.

இப்ப ரெஸ்ட். இது இங்க கொஞ்சம் சிக்கலான விஷயம், பெரியவங்க நிக்கும்போது பொண்ணு உக்காந்துட்டு ஃபோட்டோ எடுத்தா மரியாதை இல்லன்னு ஒரு பேச்சு வரும், அதனால லைன் நடக்கும்போது உக்கார வைக்க முடியாது, லைனையே நிறுத்திட்டுதான் உக்கார வைக்கணும், நிறுத்தறதுக்கு ஊர் ஒத்துக்கற காரணம் வேணும். சுலபமான காரணம் பந்தி. டைனிங் ஹால்ல 250 இலை போடலாம்னா ஒரு பந்தி எடுத்து துடைச்சு அடுத்தது போட சுமாரா நாப்பது நிமிஷம். அடுத்த பந்திக்கு கூப்பிடுற நேரத்துல லைன் தானா பாதியா குறையும், சரியா அந்த நேரத்துல லைட் மியூசிக் பாடுறவர்கிட்ட மைக்ல சொல்லச் சொல்லுங்க, "மணமக்கள் பத்து நிமிஷத்துல மேடைக்கு வர்றாங்க, இப்ப பந்தி ரெடி, சாப்பிட்டு வந்து நிதானமா ஃபோட்டோ எடுத்துக்கலாம்"னு. யாருக்கும் மனசு நோகாது. உங்க கணக்குக்கு ஆறே முக்காலுக்கு லைன் ஆரம்பிச்சா 7.40க்கு ஒன்னு, 8.30க்கு ஒன்னு, பத்து பத்து நிமிஷம். ஒரு மணி நாப்பது நிமிஷ வேலை, இருபது நிமிஷ பிரேக், எட்டே முக்காலுக்கு முடியணும், அரை மணி நேரம் முன்ன பின்ன ஆனாலும் ஒன்பதேகால்.

அந்த பத்து நிமிஷம் மேடை சோஃபாவுல இல்ல, ரூமுக்குள்ள. சோஃபால உக்காந்தா யாராச்சும் ஓடி வந்து பக்கத்துல உக்காந்துருவாங்க. ரூம்ல செருப்ப கழட்டி காலத் தூக்கி இன்னொரு சேர் மேல வைக்கணும், மாலைய கழட்டிரணும். அடர்த்தியா கட்டின ரோஜா மாலை சாதாரண கனம் இல்ல, முதல் பதினஞ்சு நிமிஷ ஃபோட்டோவுக்கு போட்டா போதும், அப்புறம் மேடையில தொங்க விட்டுக்கலாம். பொண்ணுங்க பாத்ரூம் போறது கஷ்டம்னு மத்தியானத்துலேர்ந்தே தண்ணி குடிக்க மாட்டாங்க, மேடையில மயங்கி விழறதுக்கு நான் பாத்தவரைக்கும் இதுதான் காரணம், கால் வலி இல்ல. அஞ்சரைக்கு ரெண்டு இட்லி, பிரேக்ல ஸ்ட்ரா போட்டு இளநியோ மோரோ, பாத்ரூமுக்கு புடவைய புடிச்சுக்க ஒரு அக்கா, இத ஒருத்தர் பொறுப்பா பாத்துக்கணும். ஹை ஹீல்ஸ் முதல் அரை மணியோட போதும், புடவைக்கு அடியில யாருக்கும் தெரியப் போறதில்ல, தட்டையான செருப்பு ஒன்னு சோஃபாவுக்கு பின்னாடி வச்சுருங்க.

கீழ லைன்ல நிக்கிறவங்கள பத்தியும் யோசிங்க. நிக்க வைக்காதீங்க, உக்கார வைங்க. ஏறுற படிக்கு பக்கத்துல முன்வரிசை நாலு வரிசை சேர லைனுக்குன்னு ஒதுக்கிருங்க, வரிசை வரிசையா எழுப்பி அனுப்பணும், ஒரு வரிசை காலியானா பின் வரிசை முன்னாடி வந்து உக்காரும். உக்காந்திருக்கறவங்களுக்கு பதினஞ்சு நிமிஷம் பெருசா தெரியாது, பாட்டு கேப்பாங்க, பக்கத்துல இருக்கவங்ககிட்ட பேசுவாங்க, நடுவுல புகுறவங்களும் குறைஞ்சிருவாங்க, ஏன்னா உக்காந்திருக்க வரிசைக்குள்ள சத்தமில்லாம புகுறது கஷ்டம். படி ஏற முடியாத தாத்தா பாட்டி இருந்தா பொண்ணு மாப்ளைய பிரேக் முடிஞ்சு வரும்போது முன்வரிசைக்கே கூட்டிட்டு வந்து கால்ல விழுந்து அங்கயே ஒரு படம் எடுத்துருங்க, மேடையில எடுத்தத விட அதுதான் ஆல்பத்துல நல்லா இருக்கும்.

கவுன்சிலர், மாப்ளையோட எம்டி, கடைசி பஸ் புடிக்கணும்னு வர்ற வெளியூர்க்காரங்க, இவங்கள நடுவுல விட்டுத்தான் ஆகணும், படிகிட்ட நிக்கிறவரே அஞ்சு குரூப்புக்கு ஒரு தடவைன்னு விடட்டும். இறங்குற பக்கத்துலேர்ந்து மட்டும் யாரையும் ஏத்தாதீங்க, ஒருத்தர் ஏறினா பின்னாடியே பத்து பேர் ஏறுவாங்க. உங்க சொந்த வீட்டு ஆளுங்க, அதாவது பெரியப்பா சித்தப்பா அத்தை மாமா குடும்பம், இவங்கதான் எட்டு மணிக்கு வந்து "எங்களுக்கு என்ன லைன்"னு நிப்பாங்க. அவங்களுக்கு ஆறேகால்லேர்ந்து ஆறே முக்கால் வரைக்கும் தனி நேரம்னு ஒரு வாரம் முன்னாடியே ஃபோன் பண்ணி சொல்லிருங்க, அதுக்கப்புறம் வந்தா மறுநாள் முகூர்த்தம் முடிஞ்சு எடுத்துக்கலாம்.

இது எல்லாத்தையும் கவுக்கறது ஒன்னே ஒன்னுதான், மேக்கப். பொண்ணு ஆறேகாலுக்கு மேடையில நிக்கலன்னா மேல சொன்ன எந்தக் கணக்கும் ஓடாது. பியூட்டிஷியன்கிட்ட ஆறு மணின்னு சொன்னா ஏழுக்கு முடிப்பாங்க, அஞ்சு மணிக்கு ரெடியாகணும்னு சொல்லி ரெண்டு மணிக்கே உக்கார வைங்க. அவுட்டோர் ஷூட் ஏதாச்சும் அன்னைக்கு மத்தியானம் வச்சிருந்தா தயவு செஞ்சு வேற நாளுக்கு மாத்துங்க.

ரிசப்ஷன் நடக்கும்போது சரியா போகுதான்னு எப்டி தெரியும்னா, பத்து குரூப் போக எவ்ளோ நேரம் ஆகுதுன்னு ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் போட்டுப் பாருங்க. அஞ்சு நிமிஷம்னா நிம்மதியா போயி சாப்பிடுங்க. ஏழெட்டு நிமிஷம் ஆச்சுன்னா மேடைய ஒரு நிமிஷம் கவனிச்சுப் பாருங்க, ரெண்டு குரூப்புக்கு நடுவுல பொண்ணு மாப்ள சும்மா நிக்கிறாங்கன்னா ஏறுற பக்கம் ஆள் தூங்குறார்னு அர்த்தம், படம் எடுத்து முடிச்சும் குரூப் மேடையிலயே நிக்குதுன்னா இறங்குற பக்கம் ஆள் இல்லன்னு அர்த்தம், இது ரெண்டும் இல்லாம குரூப் நடுவுல நின்னுக்கிட்டே இருந்தா எங்க ஆளுதான், வந்து காதுல சொல்லுங்க, மைக்ல சொல்லாதீங்க.

ஒன்பதேகாலுக்கு லைன் இன்னும் இருந்தா கடைசி சேர்ல உக்காந்திருக்கறவர் யாருன்னு பாத்து அதுக்குப் பின்னாடி யாரையும் சேக்காம, அவர் வரைக்கும் முடிச்சிட்டு பொண்ணு மாப்ளைய டைனிங் ஹாலுக்கு கூட்டிட்டுப் போயிருங்க. லேட்டா வர்றவங்க சாப்பிட அங்கதான் வருவாங்க, மணமக்கள் டேபிளுக்கு பின்னாடி நின்னு படம் எடுத்துக்கட்டும், அதுக்கு நான் வேற லென்ஸ் போட்டுட்டு அங்க வந்து நின்னுருவேன், எந்த ஃபோட்டோகிராஃபரும் மாட்டேன்னு சொல்ல மாட்டான், ஏன்னா எங்களுக்கும் அப்பதான் சாப்பாடு.